வீட்டுக் கடிகாரம்

தீபாவளிக்கு முதல் நாள் பிரயாணத்தை முடித்துத் திரும்பியதைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு நண்பர்கள் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது மூன்று நாடு, நான்கு விமானம் என்று கிளம்புகிறோம். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். முதல் தடவை நான் செய்த தவறுகளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் மகள் பாரிஸ் புறநகரில் இருக்கிறாள். மகன் கனடாவில், மாண்ட்ரியலில். 2022-இல் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பிரயாணமாகத் திட்டம் போட்டேன். சென்னையிலிருந்து விமானம் 12-ஆம் தேதி 01.40 என்று டிக்கெட்டில் இருந்தது. நானும் வாடகைக் காருக்கு 12-ஆம் தேதி மாலை வரச் சொல்லிவிட்டேன். 11-ஆம் தேதி பிற்பகல் மகன் போன் செய்து, "அப்பா, இன்னேரம் பெட்டியெல்லாம் கட்டியாச்சா?" என்றான். "நாளைக்குத்தானேப்பா" என்றேன். இரவு 1 மணி 40 நிமிடம் என்றால் முதல் நாள் இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. பிரெஞ்சு வழியில் படித்து, 24 மணிக் கணக்கிலேயே வளர்ந்தவன் நான். முப்பத்தைந்து வருடம் பிறர் எழுதிய பதிவேட்டில் தேதிப் பிழை பார்த்துச் சம்பளம் வாங்கியவன் வேறு. எப்படியோ வேறு கார் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் ஓடிப் போய்ச் சேர்ந்தோம்.

அது சின்னத் தவறு. பெரியது பின்னால் வந்தது.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டோடு மாத்திரை, அத்துடன் இரவு 9 மணிக்கு ஒரு இன்சுலின் ஊசி. அது ஒரு நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்கிற வகை. மறக்காமல் இருக்க என் கைபேசியில் 9 மணிக்கு மணியடிக்கும்படி வைத்திருந்தேன். கைபேசி ஊருக்கு ஊர் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும் அல்லவா? பாரிசில் பாரிஸ் 9 மணிக்கு அடித்தது, மாண்ட்ரியலில் மாண்ட்ரியல் 9 மணிக்கு அடித்தது. சௌகரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேற்கே போகும்போது இதனால் பெரிய தொந்தரவு இல்லை. கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி பின்னால் இருக்கும். மாண்ட்ரியல் அதற்கும் ஆறு மணி பின்னால். பாரிஸ் 9 மணி ஊசிக்கும் மறுநாள் மாண்ட்ரியல் 9 மணி ஊசிக்கும் இடையே 30 மணி நேரம் ஓடிவிட்டது. அந்த ஒரு நாள் சர்க்கரை ஏறித்தான் இருந்தது. மருமகள் தட்டில் ஊற்றிய மேப்பிள் பாகுமேல் பழியைப் போட்டுவிட்டோம்.

திரும்பும்போதுதான் வினை. மாண்ட்ரியலில் மாலை 7 மணிக்கு விமானம். 9 மணிக்குக் கைபேசி அடித்தது, விமானத்திலேயே ஊசி போட்டுக்கொண்டாள். அந்த இரவு விமானம் ஏழு மணி நேரம்கூட இல்லை. சாப்பாடு கொடுத்து விளக்கை அணைக்க இரண்டு மணி நேரம், பிறகு கண்ணயர்வதற்குள் காலை உணவுத் தட்டு. பாரிசில் இறங்கும்போது காலை 8 மணி, எங்கள் உடம்புக்கோ இரவு 2 மணி. மகள் வீட்டில் போய்ப் படுத்து மாலைவரை தூங்கினோம். இரவு அரைக் கிண்ணம் சூப்புக்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை. 9 மணி அடித்தது. வழக்கமான அளவு ஊசி போட்டுக்கொண்டாள்.

விடியற்காலை 3 மணிக்கு "என்னங்க, ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். நைட்டி வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது. கருவியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 54. ஆரஞ்சுச் சாற்றில் சர்க்கரை கலந்து மகள் குடிக்க வைத்தாள். இன்னொரு கையில் தொலைபேசியில் 15 என்ற எண்ணை அழுத்தத் தயாராக இருந்தாள். பிரான்சில் அவசர மருத்துவ உதவிக்கு அதுதான் எண். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 86 ஆகியிருந்தது. அந்தக் கால் மணி நேரம் எத்தனை நீளம் என்று எனக்குத்தான் தெரியும்.

புதுச்சேரி வந்து எங்கள் டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், ரெண்டு ஊசிக்கும் நடுவுல எத்தனை மணி நேரம்?" விரல் விட்டு எண்ணினேன். பதினெட்டு. முதல் ஊசியின் வேலை முடிய இன்னும் ஆறு மணி நேரம் இருக்கும்போதே இரண்டாவதையும் ஏற்றியிருக்கிறோம். சாப்பாடும் இல்லை. "ஊசிக்கு பாரிஸும் தெரியாது, கனடாவும் தெரியாது சார். போன ஊசி போட்டு எவ்வளவு நேரமாச்சுங்கறது மட்டும்தான் அதுக்குத் தெரியும்" என்றார்.

நேரக் குழப்பத்தை பிரெஞ்சில் 'தெகலாழ் ஒரேர்' என்பார்கள். 'மணி நகர்ந்துபோனது' என்று பொருள் கொள்ளலாம். நகர்ந்தது ஊரின் மணிதான். உடம்பு பழைய இடத்திலேயே நிற்கிறது.

2024-இல் மறுபடி கிளம்பியபோது இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் போனோம். கையோடு ஒரு தாள் கொண்டுபோனேன். நான்கு விமானம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பத்தி, ஒன்றில் அந்த ஊர் நேரம், மற்றொன்றில் புதுச்சேரி நேரம். அதைப் பார்த்ததும் அவரே வழி சொன்னார். புதுச்சேரி இரவு 9 மணி என்பது பாரிசில் மாலை 5.30, மாண்ட்ரியலில் காலை 11.30. இரண்டும் விழித்திருக்கும் நேரம். அப்படியானால் ஊசியை எந்த ஊருக்கும் மாற்றாமல் புதுச்சேரி 9 மணிக்கே போடலாம், 30 மணியும் வராது, 18 மணியும் வராது. மாத்திரைகள் மட்டும் அந்தந்த ஊர்ச் சாப்பாட்டோடு. இது அவளுக்கு எழுதிக் கொடுத்தது. சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினுக்கோ, இரண்டு வேளை ஊசிக்கோ கணக்கு வேறு. உங்கள் விமான நேரங்களை எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

பீரோவில் கிடந்த என் பழைய சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் அப்படித்தான் மறுபடி வேலைக்கு வந்தது. அதை யாரும் தொடக் கூடாது, அது புதுச்சேரி நேரம். அதில் 9 காலையா இரவா என்று தெரியாது என்பதால் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து. பாரிசிலிருந்து மாண்ட்ரியல் போகும் பகல் விமானத்தில் 9 மணி நடுவானில் வந்தது, கைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஊசியை எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். பெட்டி தொலைந்தால் போச்சு, சரக்கறைக் குளிரில் உறைந்தாலும் மருந்து கெட்டுவிடும். டாக்டர் கடிதமும் கூடவே இருக்கட்டும்.

அக்டோபர் 27 அன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பி வைத்தார்கள். கனடாவில் அது அடுத்த ஞாயிறுதான். மகள் வீட்டுக் கடிகாரங்களெல்லாம் மாறின. நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லாததால் என் கைக்கடிகாரம் மாறவில்லை. அன்றிலிருந்து பாரிசில் ஊசி நேரம் மாலை 4.30 ஆயிற்று, அவ்வளவுதான்.

அடுத்தது தங்கும் நாட்கள். முதல் தடவை போகும்போது பாரிசில் பத்து இரவு, திரும்பும்போது இரண்டே இரவு. மகளைத்தான் பார்த்தாயிற்றே என்ற எண்ணம். உடம்பின் கணக்கு நேர்மாறு. மனித உடம்பின் நாள் 24 மணியைவிடச் சற்று நீளம். ஆகவே மேற்கே போய்த் தாமதமாகத் தூங்குவது சுலபம், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி வரை சரிக்கட்டிக்கொள்ளும். கிழக்கே வந்து சீக்கிரம் தூங்குவது கஷ்டம், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணிதான். சென்னை-பாரிஸ் மூன்றரை மணிக்கு மூன்று நாள் போதும். மாண்ட்ரியல்-பாரிஸ் ஆறு மணிக்கு ஆறு நாள் வேண்டும். அதனால் இந்தத் தடவை போகும்போது நான்கு இரவு, திரும்பும்போது எட்டு இரவு என்று மாற்றினேன். "என்னப்பா, போகும்போது விருந்தாளி, வரும்போது குடித்தனக்காரரா?" என்று மகள் சிரித்தாள்.

இரவு விமானம் முடிந்து பாரிசில் இறங்கிய அன்றைக்கும் திட்டம் இருந்தது. உடம்பின் ஆழ்ந்த இரவு விடியற்காலை 4, 5 மணி. மாண்ட்ரியல் கணக்கில் அது பாரிசின் காலை 10, 11. அதற்கு முன் வெயில் கண்ணில் பட்டால், உடம்பு அதை அந்தி வெளிச்சம் என்று எண்ணி இன்னும் பின்னால் நகர்ந்துவிடுமாம். பிறகு படும் வெயில்தான் முன்னால் இழுக்கும். ஆகையால் விமான நிலையத்திலிருந்தே இருவரும் கறுப்புக் கண்ணாடி. சினிமா நட்சத்திரங்கள்போல வீடு வந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் மட்டும் தூக்கம். மகள் எழுப்பிவிட்டாள். பகல் 12 மணிக்கு மேல் பூங்காவில் இரண்டு மணி நேரம் நடை. இரவு 9 வரை கண்ணைப் பிடுங்கியும் படுக்கவில்லை. மறுநாள் 3 மணிக்கு விழிப்பு வரத்தான் செய்தது. ஆனால் அந்த 3 மணிக்கு ஒருவருக்கும் வியர்க்கவில்லை. நான் எழுந்து குத்திப் பார்த்தேன், 128. "தூங்க விடுங்களேன்" என்று திட்டு வாங்கிக்கொண்டு படுத்தேன்.

அக்டோபர் 30 பகலில் பாரிசில் ஏறினோம். வழியிலேயே ஊசி. நள்ளிரவு தாண்டிச் சென்னையில் இறங்கியதும் இரவோடு இரவாகப் புதுச்சேரிக்கு ஓடவில்லை, பல்லாவரத்தில் மைத்துனர் வீட்டில் தங்கினோம். தீபாவளி. நாலரை மணிக்கே எழுப்பித் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார்கள். உடம்புக்கு அப்போது பாரிஸ் நள்ளிரவு 12.

என் மனைவி பாதித் தூக்கத்தில் மணையில் உட்கார்ந்தபடி, "அந்தக் கடிகாரத்தை இனிமேலாவது கழட்டலாமா?" என்று கேட்டாள். பார்த்தேன். சுவர்க் கடிகாரமும் கைக்கடிகாரமும் ஒரே மணி காட்டின. கழற்றி வைத்தேன்.