உரலுக்குப் போகக்கூடாத மாத்திரைகள்

ஓசூர் சிப்காட் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும்தான் நினைவுக்கு வரும். மாத்திரையும் இங்கே தயாராகிறது. டோலோ 650 செய்யும் மைக்ரோ லேப்ஸுக்குக்கூட சிப்காட்டில் ஆலை உண்டு. இந்த வட்டாரத்து மாத்திரை ஆலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தபோது என் கையில் அதிகம் புரண்டது பான்டோப்ரசோல். நெஞ்செரிச்சலுக்குக் காலையில் வெறும் வயிற்றில் போடுவோமே, அதுதான்.

இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கிற மருந்து அது. ஆனால் அதே அமிலம் பட்டால் தானே சிதைந்துவிடும். குடல் வரை பத்திரமாகப் போய், அங்கிருந்து ரத்தத்தில் கலந்து, ரத்தம் வழியாகத்தான் இரைப்பைச் சுவருக்குத் திரும்பி வர வேண்டும். அதற்காகவே எண்டெரிக் கோட்டிங் என்ற மேல்பூச்சு. அமிலத்தில் கரையாத, குடலின் அமிலம் குறைந்த சூழலில் கரைகிற பாலிமர் அது. இதில் ஒரு வேடிக்கை, அந்தப் பாலிமரே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. மருந்தின்மேல் நேராகப் பூசினால் மாத்திரை நாளடைவில் பழுப்பேறும். அதனால் நடுவே இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்துப் பிரித்து வைப்பார்கள். சுழலும் பாத்திரத்தில் ஈரமில்லாத சூடான காற்றை விட்டு, கரைசலைப் பனிபோலத் தெளிக்கிற வேலை. ஈரம் மிஞ்சினால் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டும். பிரியும்போது பூச்சு பிய்ந்து வரும்.

பிய்ந்ததா இல்லையா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஆறு மாத்திரைகளைக் கூடையிலிட்டு, 37 டிகிரியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு மணி நேரம் மேலும் கீழுமாக ஆட்டுவோம். ஒரு விரிசல்கூட விழக் கூடாது. பிறகு பிஎச் 6.8 கரைசலுக்கு மாற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் உதிர்ந்துவிட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுப் பூசியதை பாகலூர் சாலையில் பக்கத்து வீட்டில் சின்ன உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணின் மாமியாருக்குப் பக்கவாதம், மூக்குக் குழாய் வழியாகத்தான் எல்லாம். “எல்லாத்தையும் ஒண்ணா நுணுக்கித் தண்ணில கலக்கி விட்டுடுறேன் அண்ணா, உள்ள போனா சரிதானே?” என்றார் அந்தப் பெண். அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். பான்டோப்ரசோல், மெட்ஃபார்மின் 1000 எஸ்.ஆர்., ரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின் ரிடார்ட்.

முதலாவதைப் பொடித்ததால் பெரிய ஆபத்து இல்லை. பெரும்பகுதி அமிலத்தில் வீணாகும், அவ்வளவே. மற்ற இரண்டின் கதை நேரெதிர். எஸ்.ஆர். என்பது மருந்தை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற அமைப்பு. மெட்ஃபார்மினில் மேல்பூச்சு இதைச் செய்வதில்லை, மாத்திரையின் உடலே செய்கிறது. தண்ணீர் பட்டதும் சப்ஜா விதைபோல வழவழவென்று ஊதி, அந்தக் கூழ் வழியாக மருந்து மெதுவாகக் கசியும். (மலத்தில் மாத்திரை முழுசாக வந்துவிட்டது என்று சிலர் பதறுவது இந்த வெறும் கூழைப் பார்த்துத்தான். மருந்து அதிலிருந்து எப்போதோ இறங்கியிருக்கும்.) பொடித்தால் நாள் முழுவதற்குமானது ஒரே நேரத்தில் இறங்கும். மெட்ஃபார்மினில் அது பெரும்பாலும் குமட்டல், வயிற்றுப்போக்கோடு போகும். பொடி தண்ணீரில் ஊறிக் கூழாகிக் குழாயையும் அடைக்கும்.

நான் பயந்தது நிஃபெடிபினுக்கு. மொத்தமாக இறங்கினால் ரத்த அழுத்தம் சடாரென்று சரியும். நீண்ட நேரம் வேலை செய்யும் நிஃபெடிபினைப் பொடித்து, லேபெட்டலாலுடன் மூக்குக் குழாயில் கொடுத்ததால் அமெரிக்க மருத்துவமனையில் ஒரு பெண் இறந்தது 2003இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

அன்றே மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். அவர் மெட்ஃபார்மினைச் சாதாரண மாத்திரையாக்கி வேளைகளைப் பிரித்தார், அதைப் பொடிக்கலாம். அழுத்தத்துக்கு வேறு மருந்து எழுதினார். பான்டோப்ரசோலுக்குப் பதில் தண்ணீரில் கலக்கும் குருணைப் பொட்டலம்.

கண்ணால் பார்த்து எது எந்த வகை என்று சொல்ல முடியாது. கசப்பை மறைக்கவும் நிறத்துக்கும் பூசுகிற சாதாரணப் பூச்சும் அப்படியேதான் பளபளக்கும். நடுக்கோடு இருந்தால் பொடிக்கலாம் என்பதும் தவறு. மெட்டோப்ரோலால் சக்சினேட் நீள்செயல் மாத்திரைகள் சில, தனித்தனியே பூசிய நுண்ணிய மணிகளைச் சேர்த்து அழுத்தியவை. கோட்டில் உடைத்தால் மணிகள் பிழைக்கும், இடித்தால் பிழைக்காது. மாறாக, மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள் மருத்துவர்கள். பூச்சுள்ள ஆஸ்பிரின்தான் கிடைத்தது என்றாலும் மெல்லத்தான் வேண்டும், பூச்சு கரையும் வரை காத்திருக்க அங்கே நேரமில்லை.

ஆகவே பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர்., ரிடார்ட் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் பேசுகிற இந்த ஊரில், முழுதாக விழுங்கவும் என்ற வரி அட்டையின் பின்புறம் பொடி ஆங்கிலத்தில் இருக்கிறது. நாலு மாத்திரை கேட்டால் மெடிக்கல் ஷாப்பில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். பெயரும் அந்த எழுத்துகளும் பாதி நேரம் கடையிலேயே தங்கிவிடுகின்றன. துண்டு அட்டை வாங்குகிறவர்கள் கத்தரிப்பதற்கு முன் முழு அட்டையை வாங்கிப் படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பில்லில் முழுப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.