அடைமொழியில் ஏமாறாதீர்

தமிழகத்திலிருந்து வந்த மைத்துனர், வாடகைக் காரில் நுவரெலியாவுக்குப் போகும் வழியில், ஹட்டன் பெற்றோல் நிலையத்துப் பம்பியைப் படமெடுத்து அனுப்பிப் பொருள் கேட்டார். 'ஓட்டோ டீசல்' முச்சக்கர வண்டிக்கும், 'சுப்பர் டீசல்' காருக்கும் உரியவையோ என்பது அவரது ஐயம்.

இரண்டும் டீசலே என்றேன். 'ஓட்டோ' என்பது மோட்டார் வாகனத்தைக் குறிக்கும் பொதுச்சொல்; இங்கே முச்சக்கர வண்டிகள் பெரும்பாலும் பெற்றோலில்தான் ஓடுகின்றன. 'சுப்பர்' என்பது கந்தகம் குறைந்த உயர்தரத்தைச் சுட்டும் அடைமொழி. ஆகவே, முதலில் பெயர்ச்சொல்லைப் படியுங்கள். தரத்தைப் பின்னர் பாருங்கள்.

அவரது கார் மூடியின் உட்புறத்தில் 'பெற்றோல்' என்றிருந்தது. 92 ஒக்டேன் போதுமென்றது கையேடு. அதையே நிரப்பினார். தவறி டீசல் ஊற்றிவிட்டால் இயந்திரத்தை இயக்கவே கூடாது. முதலில் தாங்கியை வடித்துவிட வேண்டும்.