துருக்கறை

செம்பூர்த் திலக் நகரில் மழைக்காலத்தில் துணிகள் வீட்டுக்குள்ளேதான் உலரும். பூச்சு உதிர்ந்த கம்பி ஹேங்கரில் ஈரச் சட்டையை மாட்டினால், மறுநாள் தோளில் செம்மஞ்சள் கோடு தெரியும். அது இரும்பின் துரு, சோப்புக்கு அசையாது. பிளீச்சிங் பவுடரோ கறையை இன்னும் அழுத்தமாக்கிவிடும்.

என் தங்கைக்கு இருந்தது ஒரே வெள்ளைச் சீருடை. அம்மா கறையின்மேல் உப்பைத் தூவி, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, மேகம் விலகிய வேளையில் சன்னலோர வெயிலில் விரித்தார். சாறு காயக் காய மீண்டும் பிழிந்தார். புளிப்பு துருவைக் கரைக்கும். கரைந்ததை நீர் கொண்டுபோகும். ஒரு மணி நேரத்தில் கோடு வெளிறியது. இரண்டாம் முறை மறைந்தது. சாறு தங்கினால் நூல் நைந்துவிடும் என்று பலமுறை அலசினார்.

வண்ணத் துணியாயின் முதலில் உள்மடிப்பில் ஒரு துளி விட்டுப் பார்ப்பார்; சாயமும் வெளுக்கக்கூடும் அல்லவா? அந்த ஹேங்கரின் கம்பிக்குப் பழந்துணி சுற்றித் தைத்துவிட்டார்.