ஆட்டம் பெனால்ட்டிக்குப் போனால்

தம்பிகளா,

நாளை மாலை அரையிறுதி. உயிரைக் கொடுத்து ஆடுங்கள் என்று உங்களுக்கு இந்த வாரம் முழுக்க ஆள் மாற்றி ஆள் சொல்லியிருப்பார்கள். நானும் அதையே சொன்னால் உங்கள் காதுக்குத்தான் வேலை. இரண்டு அணிகளும் பலத்தில் ஏறக்குறைய சமம் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். கூடுதல் நேரமும் முடிந்து பெனால்ட்டிக்குப் போனால் என்ன செய்வது? பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவில் சவுக்கு மர நிழலில் உட்கார்ந்து, நாளைக்கென்று எதைச் சொல்லலாம் என்று யோசித்தபோது இந்த ஒன்றுதான் மிஞ்சியது. 

நீங்கள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், 2007 ஜனவரியில், காலாங் பழைய தேசிய விளையாட்டரங்கில் ஆசியான் காற்பந்துப் போட்டியின் அரையிறுதி நடந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் மோதின. ஷா ஆலமில் நடந்த முதல் ஆட்டம் 1-1. இங்கேயும் 1-1. பெனால்ட்டியில் நாம் 5-4 என்று வென்றோம். மலேசியாவின் கடைசி உதையை நம் கோல்காப்பாளர் லயனல் லூயிஸ் தடுத்தார். அந்த அணிதான் பிறகு தாய்லாந்தையும் தாண்டிக் கோப்பையைத் தூக்கியது. இரண்டு ஆட்டங்களிலும் பிரிக்க முடியாத இரண்டு அணிகளை ஒரே ஓர் உதை பிரித்தது. அந்த உதையைத் தவறவிட்ட பையனின் பெயரை இங்கே சொல்ல எனக்கு மனமில்லை. அவனுக்கும் வயது உங்களைவிட அவ்வளவு கூடுதல் இல்லை.

அன்றிரவு காப்பிக்கடையில் எல்லாரும் அதிர்ஷ்டம் என்றார்கள். கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பெனால்ட்டி உதைகளை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நார்வேயைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட் என்ற ஆய்வாளர் உலகக் கோப்பையிலும் ஐரோப்பியக் கோப்பையிலும் அடிக்கப்பட்ட பெனால்ட்டிகளைப் படம் போட்டுப் பார்த்து, வீரர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று எண்ணினார். அடித்தால் வெற்றி என்ற நிலையில் நிற்பவர்கள் பத்தில் ஒன்பது பேர் கோல் போடுகிறார்கள். தவறினால் தோல்வி என்ற நிலையில் நிற்பவர்கள் பத்தில் ஆறு பேர்தான். அதே பந்து, அதே 11 மீட்டர், அதே அகலக் கம்பம். மாறியது தலைக்குள் ஓடுவது மட்டும்தான்.

தலைக்குள் ஓடுவது காலில் எப்படித் தெரியும் என்பதையும் அவர் பார்த்தார். பயந்தவன் சீக்கிரம் முடித்துவிடப் பார்க்கிறான். பந்தை வைத்ததும் கோல்காப்பாளருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடக்கிறான். நடுவர் விசில் ஊதிய மறுகணமே ஓடத் தொடங்குகிறான். அப்படி அவசரப்பட்டவர்களைவிட, விசிலுக்குப் பிறகு ஒரு நொடி நின்றவர்கள் அதிகம் கோல் போட்டிருக்கிறார்கள். விசில் என்பது அனுமதி, கட்டளை இல்லை. ஊதியதும் ஒரு மூச்சு விடுங்கள். பிறகு ஓடுங்கள். அளவுக்கு மீறி நின்றாலும் கெடும், நடுவரும் முறைப்பார். ஒரு மூச்சு போதும்.

நடுவட்டத்திலிருந்து பெனால்ட்டிப் புள்ளிக்கு ஏறக்குறைய 40 மீட்டர். அந்த நடைதான் ஆளைக் கொல்லும். எந்தப் பக்கம் அடிப்பது என்பதை அந்த நடையில் யோசிக்காதீர்கள். நடுவட்டத்தைவிட்டுக் கிளம்பும் முன்பே அது முடிவாகியிருக்க வேண்டும். நீங்கள் பலமாக உதைத்தால் பந்து வலைக்குப் போக அரை நொடிகூட ஆகாது. கம்பத்தை ஒட்டித் தாழ்வாகப் போகும் பந்துக்கு, சரியான பக்கம் பாய்ந்த கோல்காப்பாளர்கூடப் பெரும்பாலும் எட்டமாட்டார். அடிப்பவன் பாதி ஓட்டத்தில் மனம் மாறுவதுதான் அவருக்குக் கிடைக்கும் பரிசு. மனம் மாறுகிறவனைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியும்: கடைசி அடி சுருங்கும், பந்து நடுவுக்கும் மூலைக்கும் இடையில், கோல்காப்பாளரின் கைக்கு வசதியான உயரத்தில் போகும்.

இனி வரிசை. உங்களில் நன்றாக அடிக்கிற தம்பி ஐந்தாவதாக நிற்க ஆசைப்படுகிறான் என்று கேள்விப்பட்டேன். 2012 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் போர்ச்சுகல் அணிக்கு ரொனால்டோ ஐந்தாவது என்று வைத்திருந்தார்கள். ஸ்பெயின் 4-2 என்று முடித்துவிட்டது. அவர் உதைக்கவே இல்லை. அதனால் நம்பிக்கையான ஆட்களை முன்னால் நிறுத்துங்கள். வெற்றிக் கோல் அடிக்கும் பெருமையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஐந்து பேரோடும் நிறுத்தாதீர்கள். பதினொரு பேருக்கும் வரிசை எழுதுங்கள், கோல்காப்பாளர் உட்பட. ஆட்டம் முடியும்போது திடலில் இருப்பவர்கள் மட்டுமே உதைக்கலாம் என்பது விதி. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் யாரை வெளியே எடுக்கிறோம் என்பதைப் பயிற்றுவிப்பாளரும் இதை நினைவில் வைத்து முடிவு செய்ய வேண்டும். கோபத்தில் சிவப்பு அட்டை வாங்குபவனும் இந்தக் கணக்கில் வருவான். 2008 மாஸ்கோ சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் செல்சியின் ட்ரோக்பா கூடுதல் நேரத்தில் வெளியேற்றப்பட்டார். ஐந்தாவது உதைக்குத் தலைவர் ஜான் டெர்ரி போனார். அடித்தால் கோப்பை. மழையில் நனைந்த புல்லில் ஊன்றிய கால் வழுக்கியது. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

ஒருவன் தவறவிட்டுவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வது? எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. நாற்பது மீட்டரும் அவனைத் தனியாகத் திரும்பி நடக்கவிடாதீர்கள். இங்கிலாந்து அணி 2024 ஐரோப்பியக் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஐந்து உதைகளையும் கோலாக்கி 5-3 என்று வென்றது. அந்த அணியில் ஒவ்வொரு உதைப்பவருக்கும் ஒரு துணை ஆள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தார். திரும்பி வருபவனை எதிர்கொண்டு அழைத்து வருவது அவர் வேலை. கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் அதே வரவேற்பு. நீங்களும் அப்படி ஆளுக்கொரு துணை வைத்துக்கொள்ளுங்கள். தவறிய பிறகு நடுவட்டத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றால், அடுத்துப் போகிறவன் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவான். கோல் போட்டவன் இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடட்டும். அப்படிக் கொண்டாடியவர்களின் அணி அதிகம் வென்றிருக்கிறது என்றும் ஓர் ஆய்வு உண்டு. சிங்கப்பூர்க்காரர்கள் நாம் கொஞ்சம் கூச்சப்படுவோம், தெரியும். நாளை ஒரு நாள் கூச்சத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

இன்று பயிற்சி முடிந்து கால் களைத்திருக்கும்போதே இதைச் செய்து பாருங்கள். நடுவட்டத்தில் தோளோடு தோள் நில்லுங்கள். ஒவ்வொருவராக நடந்து போய், பந்தைக் கையால் வைத்து, கோலைப் பார்த்தபடியே பின்வாங்கி, விசிலுக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டு, சொன்ன பக்கம் அடியுங்கள். பக்கத்தை முதலில் துணை ஆளின் காதில் சொல்லிவிட்டுப் போங்கள்; மாற்றி அடித்தால் கோல் விழுந்தாலும் அது கணக்கில் இல்லை. ஆளுக்கு ஒரே ஓர் உதைதான். நாளைக்கும் ஒன்றுதான் கிடைக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். இந்த மாதத்தில் பிற்பகலில் இங்கே மழை கொட்டுகிறது. மின்னல் எச்சரிக்கை வந்தால் ஆட்டம் நிற்கும், திரும்பத் தொடங்கும்போது புல் ஈரமாக இருக்கும். பூட்ஸின் அடியில் குமிழ்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று இன்று இரவே பாருங்கள். பெனால்ட்டிப் புள்ளிக்குப் போனதும், ஊன்றும் கால் விழும் இடத்தை முதலில் மிதித்துப் பார்த்துவிட்டுப் பந்தை வையுங்கள். வரிசைத் தாள் இரவு ஒன்பது மணிக்குள் பயிற்றுவிப்பாளர் கையில் இருக்கட்டும்.