கவிழ்த்து விட்ட குடம்

எங்கள் தெருக்கோடியில் அரசு தொடக்கப்பள்ளி ஒன்று இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை ஏறக்குறைய நூற்றிருபது பிள்ளைகள். சென்ற ஆண்டு மழைக்கு முன்பாகத் தலைமையாசிரியை அம்மா வந்து, "சார், திங்கட்கிழமை பிரேயரில் டெங்கு பற்றிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார். முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதியவன், நாலு வார்த்தை சொல்லமாட்டேனா என்று ஒப்புக்கொண்டேன்.

நாலு வார்த்தை சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். முதல் வாக்கியம் இது: "மழைக்காலத்தில் வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில் உற்பத்தியாகும் கொசுக்களால் டெங்கு பரவுவதால், அவ்வாறு தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்." அலுவலகத்தில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அதற்குள் மணலில் படம் போட ஆரம்பித்துவிட்டான்.

சமாளிக்க எண்ணி, "யார் வீட்டிலாவது யாருக்காவது காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டேன். நூற்றிருபது கையும் மேலே போயிற்று. எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் கூச்சலில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "எங்க தம்பி ஆஸ்பத்திரியில இருக்கான் தாத்தா" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சரி, சரி" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அன்றிரவு படுக்கையில் அந்த "சரி, சரி" தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் பள்ளிக்குப் போய் இன்னொரு முறை பேச இடம் கேட்டேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர், என் மகள் வயதுதான் இருக்கும், சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தார். "கேள்வி கேளுங்க சார், ஆனா எல்லாருக்கும் ஒரே பதில் வர்ற கேள்வியா கேளுங்க. ஆமா, இல்லை, அப்புறம் ஒரு சொல். கதை சொல்ல வைக்கிற கேள்வியை வகுப்பறையில பத்துப் பேரை வச்சுக் கேக்கலாம். பிரேயர்ல வேண்டாம்." வீட்டுச் சோகம் உள்ள பிள்ளை இருந்தால் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தச் சிறுமியின் தம்பி நான்கு நாளில் வீடு திரும்பிவிட்டானாம். அவளிடம் போய் அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். 'ழாக் அ தி' என்று ஒரு விளையாட்டு விளையாடுவோம். "ழாக் சொன்னார், மூக்கைத் தொடு" என்றால் தொட வேண்டும். "ழாக் சொன்னார்" என்று வராவிட்டால் சும்மா இருக்க வேண்டும். "தாத்தா சொன்னார்" என்று அதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தொட்டவனைத் தோற்றவன் என்று வெளியேற்றும் பகுதி வேண்டாம், சின்னப் பிள்ளைகள் அழும் என்றார் டீச்சர். சொல்வதைச் செய்வது என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் தமிழில் ஒன்று கவனித்தேன். பிரெஞ்சில் 'வேண்டாம்' என்பதன் குறி வினைக்கு முன்பே வந்துவிடும். தமிழில் அது கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. "தொட்டியில் தண்ணீரைத் தேக்கி வைக்காதே" என்றால் 'வை' வரைக்கும் பிள்ளை கேட்டுவிடுகிறது. 'காதே' வருவதற்குள் கவனம் காக்கையின் மேல் போய்விடும். ஆகையால் செய்யாதே என்பதையெல்லாம் அடித்துவிட்டு, செய்ய வேண்டியதை மட்டும் வைத்தேன். ஒரு வாக்கியத்தில் மூன்று சொல்லுக்கு மேல் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை கையில் காகிதம் இல்லை. ஒரு கொட்டாங்கச்சி, ஒரு செம்பு தண்ணீர், ஒரு தேங்காய்நார். பிள்ளைகளை நிழலில் உட்கார வைக்கச் சொன்னேன், சின்னவர்கள் முன்னால். மைக்கையும் வேண்டாமென்றேன். அதைப் பிடித்தால் ஒரு கை போய்விடுகிறது.

"இது என்ன?"

"கொட்டாங்கச்சி!"

"மழை வருது." விரல்களை மேலிருந்து ஆட்டிக் கீழே கொண்டுவந்தேன். அவர்களும் ஆட்டினார்கள். தண்ணீரை ஊற்றினேன். "கொசு வருது. முட்டை வைக்குது. எங்கே?" கொட்டாங்கச்சியின் உள்சுவரில் தண்ணீருக்குச் சற்று மேலே விரலை வைத்துக் காட்டினேன். டெங்குக் கொசு அங்கேதான் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டியபடி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்தால் பொரிக்கும். ஆகவே கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். பெரியவர்களுக்கே தெரியாத சங்கதி இது. பிள்ளைகளுக்கு இரண்டே சொல்லில் வைத்தேன்: "கவிழ். தேய்." இரண்டு உள்ளங்கையும் புரண்டன, பிறகு வட்டமாகத் தேய்த்தன.

இங்கே ஒரு நுணுக்கம். அவர்களுக்கு எதிரே நிற்கும் நான் வலது கையைத் தூக்கினால் பிள்ளைகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடது கையைத் தூக்குகிறார்கள். அவர்கள் வலது கையால் தேய்க்க வேண்டுமானால் நான் இடது கையால் தேய்க்க வேண்டும். வீட்டில் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இன்னொன்று, ஒவ்வொரு செய்கைக்கும் முடிவு வேண்டும். இல்லாவிட்டால் தேய்த்த கை பக்கத்துப் பிள்ளையின் முதுகுக்குப் போகும். எங்கள் வாத்தியார் "க்ருவாசே லே ப்ரா" என்பார், கையைக் கட்டு என்று. அதையே "கை மடியில்" என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். குரலைத் தாழ்த்தினால்தான் அமைதி வருகிறது, உயர்த்தினால் அவர்களும் உயர்த்துகிறார்கள்.

முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகையால் வாரம் ஒரு முறை செய்தால் போதும். "என்றைக்கு?" "ஞாயிற்றுக்கிழமை!" ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

பெருமையாக இருந்தேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். அன்று காலை பின்தெருப் பாட்டி ஒருவர் வாசலில் வந்து நின்றார். "நீங்கதானே பிரேயர்ல பேசுனவரு? தண்ணி கண்டா கவுத்துன்னு தாத்தா சொன்னாருன்னு, குழாயில புடிச்சு வச்சிருந்த குடிதண்ணிக் குடத்தை எம் பேரன் கவுத்துட்டான். தேங்காநாரு போட்டுத் தேய்க்கவும் தேய்ச்சிட்டான்."

பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறான். எதைக் கவிழ்ப்பது என்பதை நான் சொல்லவேயில்லை. கொட்டாங்கச்சியைக் கையில் வைத்திருந்ததால் எனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். சொல்லைக் குறைத்தபோது வேண்டிய ஒரு சொல்லையும் குறைத்திருக்கிறேன்.

மூன்றாவது முறை ஒரு குடத்தையும் எடுத்துப் போனேன். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இதைக் குடிப்போமா?" என்று கேட்டேன். குடத்துக்கு "ஆமாம்!" "அப்போ மூடு." ஒரு கையின் மேல் இன்னொரு கை. கொட்டாங்கச்சிக்கு "இல்லை!" "அப்போ கவிழ். தேய்." டயர், பூந்தொட்டித் தட்டு, டீக் கோப்பை என்று பெயர் சொல்லிக்கொண்டே போனேன், கைகள் சரியாகவே மாறின. நடுவில் "பாட்டி குடம்?" என்று கேட்டபோது எல்லாக் கையும் மூடிக்கொண்டது. அந்தப் பையன் மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான்.

முன்வரிசைச் சிறுமியிடம் போகும்போது அவள் தம்பியின் பெயரைச் சொல்லி, எப்படி இருக்கிறான் என்று விசாரித்தேன். "என்னை அடிக்கிறான் தாத்தா" என்றாள்.

பாட்டி இப்போதும் தெருவில் பார்த்தால் கேட்காமலேயே சொல்கிறார்: "குடம் மூடியிருக்குங்க."