தோள் அளவு

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்கு அருகில் தைக்கும் முதியவரிடம் சட்டை வாங்கப் போயிருந்தேன். ரவிக்கைகளை இணையத்தில் விற்கவேண்டுமென்று அவருடைய சிஷ்யப் பிள்ளை பிடிவாதம் செய்துகொண்டிருந்தான்.

"மார்பு 36 என்று போட்டால் போதாதா, மாஸ்டர்?"

கிழவர் 36 அங்குல ரவிக்கைகள் இரண்டை விரித்தார். மார்பு ஒன்றே, தோளிலோ ஓர் அங்குலம் வித்தியாசம்!

"அகன்றால் நழுவும், குறுகினால் கைக்குழி பிடிக்கும். பிடித்தது திரும்பி வரும், தம்பி. தபால் கூலியும் நஷ்டம்."

"அப்படியானால்?"

"தோளளவையும் எழுது. பருத்தியை நனைத்துக் காயவைத்தபின் வெட்டு. இல்லையேல் முதல் சலவையிலேயே சுருங்கும். பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விடு. வேண்டியவர்கள் பிரித்துக் கொள்வார்கள். தோளை மட்டும் அப்படிப் பிரிக்க முடியாது."

கழுத்து டேப்பை அவர் கழற்றிக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.