உட்கார்ந்தால் தெரியும் குறை

திருப்பூரில் ஒரு சாம்பிள் அறைக்குப் போயிருந்தேன். ஸ்ட்ரெச் இல்லாத காட்டன் துணியில் ஜம்ப்சூட். அதற்கு மாஸ்டர் பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தார்.

"சட்டையும் பேன்ட்டும் தனித்தனியா இருந்தா, குனியறப்போ இடுப்புல விலகிக்குங்க. இதுல விலக வழியில்ல. அந்த நீளத்தை நாமதான் வெக்கணும்" என்றார்.

தையல்கார அக்கா ஒருவரின் இடுப்பில் எலாஸ்டிக் கட்டி, மர ஸ்டூலில் நிமிர்ந்து உட்காரச் சொன்னார். மெத்தை நாற்காலி கூடாதாம். உடம்பு அமுங்கினால் அளவு தவறிவிடும். பக்கவாட்டில் எலாஸ்டிக்கிலிருந்து ஸ்டூல் பலகை வரை பத்தரை இஞ்ச். அதுதான் கவட்டை ஆழம். பிறகு அக்காவை நிற்கவைத்து, தோள் நடுவிலிருந்து முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கிடையே எடுத்து, பின்புறமாக அதே தோளுக்கு டேப்பைக் கொண்டுவந்தார். 60 இஞ்ச். ஜம்ப்சூட்டுக்கு இந்தச் சுற்றளவுதான் உயிர்.

பேப்பரில் வரைந்ததை, தையல் விளிம்பை விட்டுவிட்டு அதே வழியில் அளந்தால் அறுபதரை வந்தது. என்ன நடக்கும் என்று எனக்குக் காட்டுவதற்காகவே அதை அப்படியே காடா துணியில் தைக்கச் சொன்னார். அக்கா நின்றபோது அச்சில் வார்த்தது போல இருந்தது. உட்கார்ந்தார், தோள் அழுந்தியது, இடுப்புத் தையல் முதுகுப் பக்கம் கீழே இறங்கியது. மாஸ்டர் பின்பக்க இடுப்புத் தையலை மட்டும் பிரித்துவிட்டு மறுபடி உட்காரச் சொன்னார். துணி வாய் பிளந்தது, இரண்டு இஞ்சுக்குச் சற்று மேல். குறை எவ்வளவு என்பதைத் துணியே சொல்லிவிட்டது.

இரண்டரை இஞ்ச் சேர்ப்பது என்று முடிவானது. அதை ஒரே இடத்தில் போடவில்லை. எல்லாவற்றையும் கவட்டையில் இறக்கினால் அது தொங்கும். நடக்கும்போது தொடை தடுக்கும். பாடியில் மட்டும் சேர்த்தால் இடுப்புக்கு மேலே துணி பொதபொதவென்று மடியும். அதனால் இடுப்புக்கும் கவட்டைக்கும் இடையில் குறுக்கே வெட்டி, முன்னும் பின்னும் முக்கால் இஞ்ச் திறந்தார். பாடியில் முன்னும் பின்னும் கால் இஞ்ச். மீதி அரை இஞ்ச் பின்பக்கத்துக்கு மட்டும்: நடுத்தையலில் அரை இஞ்ச் திறந்து, பக்கத்தையலில் ஒன்றுமில்லாமல் முடியும் ஆப்பு. குனியும்போது நீள்வது முதுகுதானே. ஆப்பு பக்கத்தையலைத் தொடாததால் முன்னும் பின்னும் அங்கே சரியாகவே சேர்ந்தன.

லூஸ் என்றால் அகலம் என்றே நான் நினைத்திருந்தேன். மார்பில் இரண்டு இஞ்ச், இடுப்பில் ஒரு இஞ்ச், அவ்வளவே வைத்திருந்தார். டாட்டில் கை வைக்கவே இல்லை. கூடியது நீளம் மட்டும். பாடி உடம்போடு ஒட்டியே நின்றது.

"கவட்டையிலிருந்து தொடைக்குச் சாய்வா சுருக்கம் ஓடினா ஆழத்தைத் தொடாதீங்க. பின்பக்கக் கவட்டை நீட்டல் பத்தலைன்னு அர்த்தம்" என்றார்.

இரண்டாவது காடாவில் அக்கா உட்கார்ந்தார், கீழே கிடந்த கத்தரியைக் குனிந்து எடுத்தார். தோள் அழுந்தவில்லை. ஜம்ப்சூட் தைப்பவர்கள் நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள்.